கலைச்சொல் வேண்டும்: உத்தரத்தின் அளவை முடிவுசெய்கிற வரம்பு

பாலிடெக்னிக் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். எஃகு உத்தரம் பற்றித் தமிழில் பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். தளத்தைத் தாங்கும் உத்தரத்தை, சுமையால் அதன் உள்ளே எழும் தகைவுக்கு ஒரு முறையும் அது நடுவில் இறங்கும் தொய்வுக்கு ஒரு முறையும் சரிபார்க்கிறோம். இரண்டில் எது பெரிய உத்தரம் கேட்கிறதோ, அதுதான் அளவை முடிவுசெய்கிறது. வகுப்பில் “டிஃப்ளெக்‌ஷன் கவர்ன் பண்ணுது” என்றே சொல்லிவருகிறேன். குறிப்பில் ‘ஆளும் வரம்பு’ என்று எழுதினேன், மாணவர்களுக்குப் புரியவில்லை. வேறு சொல் உண்டா?

கட்டமைப்புப் பொறியாளர்:

ஐயா, சொல்லுக்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். 6 மீட்டர் நீளம், இரு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் உத்தரம். மேல் விளிம்பைத் தளம் பிடித்திருக்கிறது. மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை. நடுவில் வளைவுத் திருப்புத்திறன் 90 கிலோநியூட்டன் மீட்டர். சாதாரண எஃகுக்கு 165 மெகாபாஸ்கல் வரை அனுமதித்தால் 300 மி.மீ. ஆழமுள்ள ஐ.எஸ்.எம்.பி. 300 உத்தரம் போதும், தகைவு 157-இல் நிற்கிறது.

அதே உத்தரம் நடுவில் 19.6 மி.மீ. இறங்குகிறது. நீளத்தில் 300-இல் ஒரு பங்கு, அதாவது 20 மி.மீ. வரை போகலாம் என்றால் தப்பித்தது. அடியில் விரிசல் விடக்கூடிய பூச்சு இருந்தால் 360-இல் ஒரு பங்குதான், 16.7 மி.மீ. அப்போது 300 போதாது, 350-க்குப் போக வேண்டும். மீட்டருக்கு 44 கிலோ இருந்த உத்தரம் 52 கிலோ ஆகிறது. சுமையும் நீளமும் மாறவில்லை. பூச்சு ஒன்றுதான் கூடியது, முடிவு கைமாறிவிட்டது. சொல் இந்தக் கைமாற்றத்தையும் காட்ட வேண்டும். ‘முந்து வரம்பு’ எப்படி? சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் முதலில் முட்டுகிற வரம்பு. “இங்கே தொய்வு முந்துகிறது” என்று வினையாகவும் சொல்லலாம்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

தகைவு மீறினால் ஆபத்து, தொய்வு மீறினால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். அதனால் தகைவை ‘முதன்மை வரம்பு’ என்றும் தொய்வைத் ‘துணை வரம்பு’ என்றும் வைத்துவிடலாமே. தொய்வு இடித்தால் உயர்தர எஃகு வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

கட்டமைப்புப் பொறியாளர்:

அண்ணா, ஆபத்து எதில் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் உயர்தர எஃகு தொய்வைக் குறைக்காது. எஃகின் விறைப்பு எந்தத் தரத்திலும் ஏறக்குறைய ஒன்றேதான், 2 லட்சம் மெகாபாஸ்கல். சீரான சுமைக்கு இரண்டு சூத்திரங்களையும் சேர்த்தால் சுமை விலகிவிடுகிறது:

```
δ/L = 5σL / (24Ed)
```

இதில் δ தொய்வு, σ தகைவு, L நீளம், E விறைப்பு, d உத்தரத்தின் ஆழம். தகைவு 165-ஐத் தொடும்போது தொய்வு 360-இல் ஒரு பங்காக இருக்க வேண்டுமானால் நீளம் ஆழத்தைப் போல 16 மடங்கு. அதற்கு மேல் போனால் தொய்வு முந்தும். இன்னும் உயர்ந்த தரத்தில் தகைவை 231 வரை விட்டால் அந்த எல்லை பதினொன்றரை மடங்குக்கு இறங்கிவிடும். நல்ல எஃகு வாங்க வாங்கத் தொய்வுதான் இன்னும் சீக்கிரம் முந்தும். வாங்கிய பலத்தைப் பயன்படுத்தவே முடியாது.

ஒரு வீட்டுக்காரர்:

எங்கள் மாடியில் கான்கிரீட் பீம் மேல் செங்கல் தடுப்புச் சுவர் எழுப்பினோம். இரண்டாம் வருடம் சுவரில் மூலைவாக்கில் விரிசல். பீம் உடையப்போகிறது என்று பயந்தோம். இதற்கும் இந்தச் சொல் பொருந்துமா?

கட்டமைப்புப் பொறியாளர்:

அம்மா, அது வேறு கதை. கான்கிரீட் சுமையோடு வருடக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள சுவரால் கூடவே வளைய முடியாது. அதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456, சுவர் எழுப்பிய பிறகு வரும் தொய்வுக்குத் தனி வரம்பு வைக்கிறது: நீளத்தில் 350-இல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., எது குறைவோ அது. உங்கள் விரிசல் தொய்வால் வந்ததா என்று பீமின் அடியில் நூல் கட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். நேரில் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

முதுநிலை மாணவி:

ஐயா, ஒரு சந்தேகம். எஃகுக்கான விதிநூல் ஐ.எஸ். 800 இந்த 300, 360 வரம்புகளை மேலேறும் சுமைக்கு மட்டும்தான் சொல்கிறது. உங்கள் 20-இல் 8 நிலையான சுமை, 12 மேலேறும் சுமை என்றால், பார்க்க வேண்டிய தொய்வு 11.8 மி.மீ.தான். பூச்சு இருந்தாலும் ஐ.எஸ்.எம்.பி. 300 உத்தரமே போதும், தகைவுதான் முந்துகிறது. அப்படியானால் எந்தச் சுமையை எந்தச் சோதனைக்கு எடுத்தோம் என்பதும் சேர்ந்துதானே முடிவுசெய்கிறது? நீங்கள் சொன்ன 16 மடங்கும் இரண்டுக்கும் ஒரே சுமை என்றால்தான்.

கட்டமைப்புப் பொறியாளர்:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். நான் முழுச் சுமைக்கும் பார்த்தேன், எங்கள் அலுவலக வழக்கம் அது. பூச்சு பூசுவதற்கு முன்பே இறங்கிவிட்ட அளவு பூச்சை உடைக்காது என்பதால் விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூச்சுக்குப் பிறகு தரை ஓடும் சுவரும் ஏறினால் அந்தச் சுமையையும் சேர்ப்பேன்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:

‘முந்து வரம்பு’ என்று எழுதி, பக்கத்திலேயே எந்தச் சுமைக்கு என்றும் குறிக்கிறேன். ஒரு தயக்கம் மட்டும்: மாணவர்கள் ‘முந்து’ என்றால் முதலில் கணக்கிட வேண்டியது என்று எடுத்துக்கொள்வார்களோ? ‘முட்டு வரம்பு’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் தளத்துக்கு அடியில் கொடுக்கும் முட்டு நினைவுக்கு வருகிறது. வரும் வாரம் இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.