இணைய மடல் மறையாக்கத்தில் ‘நம்பிக்கை வலை’ என்னும் சொல் பொருந்துமா?

இளவரசு:

நண்பர்களுக்கு வணக்கம். மடல் மறையாக்கத்துக்கான ஒரு மென்பொருளின் திரைச்சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சாவி உண்மையிலேயே அதில் பெயர் குறிக்கப்பட்டவருடையதுதானா என்பதை உறுதிசெய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. எஸ்/மைம் முறையில் ஒரு சான்றிதழ் ஆணையம் மையமாக இருந்து சான்றிதழ் வழங்குகிறது. ஓப்பன்பிஜிபி முறையில் பயனர்களே ஒருவர் சாவியில் மற்றொருவர் கையொப்பமிடுகிறார்கள். இரண்டாவதற்கு ‘நம்பிக்கை வலை’ என்று எழுதியிருக்கிறேன். கேட்டவுடன் விளங்கும் சொல் என்பதால் பெரும்பாலும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

செல்வநாயகி:

இளவரசு, சொல் எளிமையாக இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சொல்லோடு திரைக்குப் போனால் அடுத்த வரியிலேயே சிக்கல் வரும். ஓப்பன்பிஜிபி முறைக்கான குனூபிஜி மென்பொருளில் ஒரு சாவியைத் திருத்தத் திறந்தால் இப்படி ஒரு வரி தோன்றும்:

```
trust: marginal      validity: full
```

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். `validity` என்பது ‘இந்தச் சாவி இவருடையதுதானா’ என்ற கேள்விக்கு மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லும் விடை. `trust` என்பது ‘பிறர் சாவியில் இவர் இட்ட கையொப்பத்தை நான் எவ்வளவு ஏற்பேன்’ என்பதற்கு நாமே கொடுத்து வைக்கும் விடை. இரண்டுக்கும் `full`, `marginal` என்ற ஒரே சொற்களைப் பயன்படுத்துவதால் ஆங்கிலத்தில் படிப்பவர்களே தடுமாறுகிறார்கள். தமிழிலும் இரண்டையும் ‘நம்பிக்கை’ என்றால் அந்தத் தடுமாற்றத்தை நாமும் அப்படியே எடுத்துக்கொண்டதாகும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஆதன் என்பவரின் சாவி எனக்குப் புதிதாகக் கிடைக்கிறது. அதில் கயல், மாறன், நிலா ஆகிய மூவர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். இம்மூவரின் சாவிகளையும் நான் முன்பே அவர்களோடு பேசி, விரல்ரேகையின் 40 எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். ஆகவே மூவரின் சாவிகளும் அவர்களுடையவைதாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த நிலையில் ஆதனின் சாவி எனக்கு உறுதிப்பட்டுவிட்டதா? இல்லை. பட்டியலில் அது உறுதிப்படாத சாவியாகவே இருக்கும். அந்தச் சாவிக்கு மறையாக்கம் செய்ய முயன்றால் `Use this key anyway? (y/N)` என்று மென்பொருள் தயங்கி நிற்கும். கயல் தன் பெயருக்குரியவர்தான் என்று நான் அறிந்திருக்கிறேனே தவிர, பிறரைச் சரிபார்ப்பதில் அவர் கவனமானவர் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அதை `trust` கட்டளையால் தனியாகச் சொல்ல வேண்டும். மூவருக்கும் `marginal` கொடுத்தால், இயல்பான அமைப்பில் மூன்று பேர் தேவை என்று இருப்பதால், ஆதனின் சாவி `full` ஆகிறது. இருவருக்கு மட்டும் கொடுத்தால் `marginal` என்ற அளவில் நிற்கிறது. ஒருவருக்கே `full` கொடுத்தால் அவர் ஒருவரே போதும்.

இனி ஆதன் சேரனின் சாவியில் கையொப்பமிட்டிருந்தால் என்ன ஆகும்? ஆதனுக்கு நான் எந்த மதிப்பும் கொடுக்காத வரை சேரனின் சாவி உறுதிப்படாத நிலையிலேயே இருக்கும். ஆக, ஒரு கையொப்பம் நம்பிக்கையைக் கைமாற்றுவதில்லை. ‘இந்தச் சாவி இவருடையது’ என்று சான்று மட்டுமே கூறுகிறது. அதனால் ‘சான்றுவலை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முகுந்தன்:

செல்வநாயகி அம்மா சொல்வது நூல்நெறிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நண்பரின் நண்பரை நம்புவதுதானே இந்த அமைப்பின் அடிப்படை? அந்தச் சங்கிலி தானாக நீள்வதால்தான் அதற்கு வலை என்றே பெயர் வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஜூன் மாதத்தில் பொதுச் சாவி வழங்கிகளில் இருந்த சிலரின் சாவிகள்மீது ஒன்றரை லட்சம் அளவுக்குப் போலிக் கையொப்பங்களை யாரோ கொட்டினார்கள். அச்சாவிகளை இறக்கிய கணினிகளில் குனூபிஜி ஏறக்குறைய உறைந்து நின்றது. அதற்குப் பிறகு வந்த 2.2.17 பதிப்பு, வழங்கிகளிலிருந்து சாவியை எடுக்கும்போது பிறர் இட்ட கையொப்பங்களை இயல்பாகவே விட்டுவிடுகிறது. `keys.openpgp.org` வழங்கியும் பிறர் கையொப்பங்களைப் பரப்புவதில்லை. 2020-இல் தண்டர்பேர்டு 78 தனக்குள்ளேயே ஓப்பன்பிஜிபியைக் கொண்டுவந்தபோதும் இந்தக் கணக்கீட்டைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு சாவியையும் ஏற்கிறீர்களா என்று பயனரையே கேட்கிறது. வழக்கொழிந்த ஒன்றுக்கு நாம் ஏன் இவ்வளவு உழைத்துச் சொல் தேட வேண்டும்?

தாமரை:

வணக்கம். நான் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் சிக்கல் இதோடு தொடர்புடையது என்று நினைக்கிறேன். பணியிடத்தில் எனக்கு ஒரு சான்றிதழ் ஆணையத்தின் சான்றிதழைக் கொடுத்திருந்தார்கள். காலம் முடிந்து புதியது வந்ததும் பழையதை நீக்கிவிட்டேன். இப்போது பழைய மறையாக்க மடல்கள் எதையும் திறக்க முடியவில்லை. நீங்கள் பேசும் வலை முறையில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது அல்லவா? ஆம் என்றால், அது ஆணையத்தைவிடப் பாதுகாப்பான மறையாக்கம் என்று பொருள்படும்படி பெயர் வைக்கலாமே.

செல்வநாயகி:

தாமரை, உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அது எந்த முறையிலும் நேரும். சான்றிதழின் காலம் முடிவதால் பழைய மடல்கள் பூட்டிக்கொள்வதில்லை. சான்றிதழோடு இருந்த மறைச்சாவியும் சேர்ந்து நீங்கியதால்தான் அவை திறக்கவில்லை. சான்றிதழை மறைச்சாவியோடு சேர்த்து வேறு இடத்தில் காப்புக்கோப்பாகச் சேமித்திருந்தால் மீண்டும் இறக்கிப் பாருங்கள். காலம் கடந்த சான்றிதழாலும் பழைய மடல்களைத் திறக்க முடியும். மறையாக்கத்தின் வலிமையில் இரண்டு முறைகளுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ‘இந்தச் சாவி யாருடையது என்று யார் தீர்மானிப்பது’ என்பதில்தான் அவை பிரிகின்றன. நம் சொல்லும் அந்த இடத்தையே தொட வேண்டும்.

முகுந்தன், 2019-இல் நடந்ததை நீங்கள் சரியாகவே சொன்னீர்கள். ஆனால் அப்போது குலைந்தது கையொப்பங்களைப் பொதுவெளியில் பரப்பிய வழிதான், கணக்கீடு குலையவில்லை. ஆதன் தன் சாவியைக் கோப்பாக ஏற்றுமதி செய்து மடலில் எனக்கு அனுப்பினால் அதிலுள்ள மூன்று கையொப்பங்களும் வந்து சேரும். நான் மேலே சொன்ன கணக்கு இன்றும் அப்படியே நடக்கும். டெபியன் திட்டத்தில் புதிதாகச் சேர்பவர்களின் சாவியில் ஏற்கெனவே உள்ள உறுப்பினர்களின் கையொப்பத்தை இன்றும் எதிர்பார்க்கிறார்கள். சங்கிலி தானாக நீள்கிறது என்பது மட்டும் சரியன்று. ஒவ்வொரு கண்ணியிலும் நான் மதிப்புக் கொடுத்தால்தான் அது நீளும். அப்போதும் இயல்பான அமைப்பில் ஐந்து படிகளுக்கு மேல் போகாது. ‘நம்பிக்கை வலை’ என்ற பெயர்தான் இந்தத் தவறான எண்ணத்தை உங்களைப் போன்ற தேர்ந்தவர்களிடமும் விதைக்கிறது என்பதே என் கவலை.

இதையே எஸ்/மைம் முறையில் வைத்துப் பாருங்கள். ஆதன் கையொப்பமிட்ட ஒரு மடல் வருகிறது. சான்றிதழும் அதனுடன் வருகிறது. மென்பொருள் அதை இடைநிலைச் சான்றிதழ் வழியாக ஒரு வேர்ச் சான்றிதழ் வரை தொடர்ந்து சென்று, சரி என்று குறி இடுகிறது. என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. அந்த வேரை ஏற்பதா என்ற முடிவை இயக்குதளத்தையோ மடல் மென்பொருளையோ உருவாக்கியவர் எனக்காக முன்பே எடுத்துவிட்டார். முன்பின் பழகாதவரின் முதல் மடலுக்கே மறையாக்கம் செய்து பதில் அனுப்ப முடிவதால் இது பெரிய வசதி. ஆனால் பட்டியலிலுள்ள எந்த ஆணையமும் எந்த முகவரிக்கும் சான்றிதழ் வழங்க முடியும் என்பதால், அவற்றுள் ஒன்று தவறினாலும் அத்தனை பயனர்களும் பாதிக்கப்படுவார்கள். 2011-இல் டிஜிநோட்டர் ஆணையத்துக்குள் ஊடுருவியவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உண்டாக்கினார்கள். அவை மடலுக்கானவை அல்ல, இணையதளங்களுக்கானவை. ஆயினும் வேர்ச் சான்றிதழை நம்பும் கட்டமைப்பு ஒன்றே.

மேலும், ஆணையம் என்றாலே ஆளைச் சரிபார்த்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அஞ்சல்பெட்டி அளவிலான சான்றிதழ் என்றொரு வகை உண்டு. அந்த முகவரி உங்கள் கைவசம் இருக்கிறதா என்பதை மட்டுமே அதில் பார்க்கிறார்கள்.

இளவரசு:

உங்கள் விளக்கத்துக்கு நன்றி. `trust`, `validity` இரண்டுக்கும் நான் ‘நம்பிக்கை’, ‘நம்பகம்’ என்று எழுதி வைத்திருந்தேன்; இரண்டையும் மாற்றிவிடுகிறேன். ஆனால் ‘சான்றுவலை’ என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ‘சான்றிதழ்’ என்ற சொல் ஏற்கெனவே ஆணைய முறைக்கு ஊன்றிவிட்டது. பயனர் ‘சான்றுவலை’ என்று பார்த்தால் சான்றிதழ்களின் வலைப்பின்னல் என்று நினைத்து இரண்டு முறைகளையும் ஒன்றாக்கிவிடக்கூடும். சான்று கூறுபவரை முன்னிறுத்தி ‘சான்றாளர் வலை’ எனலாமா? அப்போது ஒருபுறம் சான்றாளர் வலை, மறுபுறம் சான்றிதழ் ஆணையம் என்று எதிரெதிராக நிற்கும். பலர் கூறும் சான்று ஒன்று, ஒரே இடத்திலிருந்து வருவது மற்றொன்று என்பதும் சொல்லிலேயே தெரியும்.

செல்வநாயகி:

‘சான்றாளர் வலை’ என் சொல்லைவிட நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். அதைக் கொண்டால் `trust` என்பதற்குச் ‘சான்றாளர் தகுதி’ என்ற சொல்லும் இயல்பாக அமைகிறது. `validity` என்பதற்குச் ‘சாவியின் உறுதி’ என்று முன்மொழிகிறேன். `trust: marginal, validity: full` என்ற வரி ‘சான்றாளர் தகுதி: ஓரளவு, சாவியின் உறுதி: முழுமை’ என்று வரும். ‘சாவி இவருடையது என்பது உறுதி, ஆனால் இவர் கூறும் சான்றை ஓரளவே ஏற்பேன்’ என்று அதைப் படித்தவுடன் புரிந்துகொள்ளலாம்.

முகுந்தன்:

படிகள் பற்றிச் சொன்னதைச் சோதனைச் சாவிகளை உருவாக்கிப் பார்த்தேன். நடுவில் உள்ளவருக்கு மதிப்புக் கொடுக்காத வரை அடுத்த சாவி உறுதிப்படாமலே நிற்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தகுதி’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அது அந்த மனிதரிடமே உள்ள பண்பைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. இந்த மதிப்போ என் கணினியில் மட்டும் இருப்பது. ஏற்றுமதி செய்யும் சாவியோடு வெளியே போகாதது. கயலுக்கு நான் ‘ஓரளவு’ என்றும் மாறன் ‘முழுமை’ என்றும் கொடுத்திருக்கலாம். ஏற்பவரின் பக்கமிருந்து ‘சான்றேற்பு’ என்று சொல்வதே பொருத்தம். ‘நம்பிக்கை வலை’ என்பதையும் பேச்சுவழக்கிலிருந்து யாராலும் நீக்க முடியாது என்றே இப்போதும் கருதுகிறேன்.

செல்வநாயகி:

‘சான்றேற்பு’ கருத்தளவில் துல்லியமானது. திரையில் முதன்முதலாகப் பார்ப்பவருக்கு விளங்குமா என்பதில்தான் எனக்கு ஐயம் இருக்கிறது. இன்னும் இருவர் மூவர் கருத்துச் சொல்லட்டும்.

இளவரசு:

அதுவரை ‘சான்றாளர் வலை’, ‘சாவியின் உறுதி’ ஆகிய இரண்டையும் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். `trust` மட்டும் காத்திருக்கட்டும். அதோடு `ultimate` என்ற நிலைக்கும் சொல் தேவை. அது பெரும்பாலும் பயனரின் சொந்தச் சாவிக்கே வருவதால் ‘தன்சாவி’ என்று எழுதலாமா?

முகுந்தன்:

அப்படி எழுத வேண்டாம். சில நிறுவனங்களில் பாதுகாப்புப் பொறுப்பாளரின் சாவிக்கும் எல்லாக் கணினிகளிலும் `ultimate` கொடுத்து வைக்கிறார்கள். அவர் கையொப்பமிட்ட சாவிகள் அனைத்தும் அங்கே உடனே உறுதியாகிவிடுகின்றன. அங்கே ‘தன்சாவி’ என்று காட்டினால் அது பொய்யாகிவிடும்.