பொருள்: [கலைச்சொல்] ஏ.என்.ஏ-வுக்கு தமிழ்ல என்ன போடலாம்? வியாழன் அச்சுக்குப் போகுது

கயல்விழி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மூட்டுநோய் ஓ.பி.ல லூபஸ், அதாவது நம்ம எதிர்ப்புச் சக்தி நம்ம உடம்பையே தாக்கற நோய், அது இருக்கிறவங்களுக்கு ஒரு மடிப்புத்தாள் போடறோம், வியாழக்கிழமை அச்சுக்குக் குடுக்கணும். மொழிபெயர்த்துக் குடுத்தவங்க சிஸ்டமிக் லூபஸை "முறையான லூபஸ்"னு எழுதியிருக்காங்க. அப்ப முறையில்லாத லூபஸ்னு ஒண்ணு இருக்கான்னு எங்க சிஸ்டர் கேட்டாங்க. ஏ.என்.ஏ, அதாவது ஆன்டிநியூக்ளியர் ஆன்டிபாடி, நம்ம செல்லோட நியூக்ளியஸ்ல இருக்கிறதையே எதிர்க்கிற ஆன்டிபாடி, அதுக்கு "அணுக்கரு எதிர்ப்பு"ன்னு இருக்கு, படிச்சா கூடங்குளம் போராட்டம்தான் ஞாபகம் வருது. ரெண்டுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

தணிகாசலம்:
அம்மா, இது ரொம்ப எளிது. செல்லோட நியூக்ளியஸ் கரு. அதுக்குப் பகையானது எதிரி. கருவெதிரி. நன்னூல்ல பகைப்பொருள் நான்காம் வேற்றுமைக்கு உரியது, பாம்புக்குப் பகை கருடன்ங்கிற மாதிரி, அதனால கருவுக்கு எதிரிங்கிறது தொக்கி கருவெதிரி ஆகும். வகர உடம்படுமெய் தானா வந்துடுது, ஓசையும் நல்லா இருக்கு. முட்டையில மஞ்சக்கருன்னு சொல்றோமே அதுவும் இந்தக் கருதான், நடுவுல இருக்கிறது, கோயில்ல கருவறைன்னா... (இதைத் தனி மடல்ல எழுதறேன்.) லூபஸ்னா லத்தீன்ல ஓநாய், ஓநாய்நோய்னே போடலாம்.

சிவகுமாரன்:
ஐயா சொல்லுறது வடிவாத்தான் இருக்கு. ஆனா நாங்கள் இலங்கையில பள்ளிக்கூடத்திலேயே ஆன்டிபாடிக்கு பிறபொருளெதிரி எண்டு படிச்சனாங்கள், பாடப்புத்தகத்தில இருக்கிற சொல், புதுசா ஒண்டும் தேவையில்லை. கருப் பிறபொருளெதிரி எண்டு போடுங்கோ. சிஸ்டத்துக்கு தொகுதி, ஆகவே தொகுதிசார் லூபஸ்.

பிரபு:
தொகுதின்னா இங்க எம்.எல்.ஏ தொகுதி சார் :) நல்ல நேரத்துல இந்த இழை வந்துச்சு, எனக்கே ஒரு டவுட். ஹெல்த் செக்கப் பேக்கேஜ்ல ஏ.என்.ஏ சேர்த்துப் பார்த்துட்டாங்க, 1:80 பாசிட்டிவ், புள்ளிப்புள்ளி பேட்டர்ன்னு வந்திருக்கு. ஆபீஸ்ல ஒருத்தங்களுக்கு லூபஸ் இருக்கு, அவங்களுக்கே 1:640 தான். எண்பதுல ஒண்ணு பெருசு, அறுநூத்தி நாப்பதுல ஒண்ணு சின்னது, அப்ப எனக்கு முத்திடுச்சா? ரெண்டு நாளா தூக்கம் இல்ல.

கயல்விழி:
பிரபு, தூங்குங்க. கணக்கு தலைகீழா இருக்கு. ஸ்லைடுல மனுச செல் இருக்கும், உங்க சீரத்தைக் கரைச்சு அதுமேல விட்டு, ஒட்டினது பச்சையா ஒளிருதான்னு மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. 1:80ன்னா எண்பது மடங்கு கரைச்சும் ஒளிருது, அதுக்கு மேல கரைச்சா மங்கிடுது. 640 மடங்கு நீர்த்தும் ஒளிர்ந்தாத்தான் ஆன்டிபாடி நிறைய இருக்குன்னு அர்த்தம். நோயே இல்லாதவங்களை வச்சு 1997ல வெளியான ஒரு ஆய்வுல நூறு பேர்ல சுமார் 13 பேருக்கு 1:80 பாசிட்டிவா இருந்துச்சு, 1:40ல பார்த்தா 30 பேருக்கு மேல. உங்களுக்கு மூட்டு வீக்கம், வெயில் பட்டா தடிப்பு, ஆறாத வாய்ப்புண், நுரையா மூத்திரம் இப்படி ஏதாவது உண்டா? இல்லைன்னா இந்த டெஸ்ட்டையே எடுத்திருக்கக் கூடாது. உங்க டாக்டர் ஒரு தடவை யூரின்ல புரோட்டீனும் ரத்த அணுக்களும் பார்த்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும்.

தணிகாசலம் ஐயா, கருவெதிரி அழகா இருக்கு, ஆனா முடியாது. லூபஸுக்கு வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேர் பொண்ணுங்க, அதுலயும் பிள்ளை பெத்துக்கிற வயசு. "கருவெதிரி பாசிட்டிவ்"னு சீட்டுல எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணு மாமியார் வீட்டுக்கு எப்படிப் போவா? பொல்லாத வேளைக்கு அதுல ஒரு துளி நிஜமும் இருக்கு. ஆன்டி-ரோன்னு ஒரு வகை இருந்தா அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் குழந்தையோட இதயத்துடிப்பைத் தடுக்கலாம், அப்படி இருக்கிறவங்கள்லயும் நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான், அதுக்காக 16 வாரம் தாண்டினதும் வயித்துல இருக்கிற குழந்தையோட இதயத்துக்கு எக்கோ பார்ப்போம். மத்தவங்களை அந்தச் சொல் வீணா பயமுறுத்தும். ஓநாயும் அதே மாதிரிதான் ஐயா, மன்னிச்சுக்கோங்க.

தணிகாசலம்:
சரி, கரு வேண்டாம். எதிரியை விட மாட்டேன். ஆனா சிவகுமாரன் சொல்ற பிறபொருளெதிரியில ஒரு சிக்கல். பிற பொருளை எதிர்க்கிறதுதானே அது? இங்க அது எதிர்க்கிறது தன்னோட பொருளை. தன்-பிறபொருளெதிரின்னா முரண்தொடை எழுதின மாதிரி இருக்கு. அப்புறம் ஒரு கேள்வி அம்மா, நியூக்ளியஸ் செல்லுக்கு உள்ள இருக்கு, ஆன்டிபாடி வெளிய ரத்தத்துல இருக்கு, உள்ள போய்த் தாக்குதா?

கயல்விழி:
நல்ல கேள்வி ஐயா, சிஸ்டமிக்குக்கு சொல் தேடறதுக்கும் இதுதான் முக்கியம். பெரும்பாலும் அது உயிரோட இருக்கிற செல்லுக்குள்ள போய் அடிக்கிறது இல்ல. தினம் நம்ம உடம்புல கோடிக்கணக்குல செல் சாகுது, குப்பையை உடனே அள்ளிடணும். லூபஸ்ல அள்ளறது மந்தம், நியூக்ளியஸ்ல இருந்த டி.என்.ஏ வெளிய சிதறுது, உடம்பு அதை வைரஸ்னு நெனச்சு இன்டர்ஃபெரான்ங்கிற எச்சரிக்கைப் புரோட்டீனைக் கெளப்புது, ஆன்டிபாடி செய்யுது. ஆன்டிபாடியும் டி.என்.ஏவும் ஒட்டின கட்டி ரத்தத்துல சுத்தி, வடிகட்டற இடத்துல மாட்டிக்குது, முக்கியமா கிட்னியில. அங்க சி3, சி4 மாதிரி காம்ப்ளிமென்ட் புரோட்டீனுங்க வந்து கொளுத்திவிடுது. தைராய்டு மாதிரி ஒரு உறுப்போட நிக்காததுக்குக் காரணம் நியூக்ளியஸ் எங்கயும் இருக்கு, ரத்தமும் எங்கயும் போகுது. வெயில் ஏன் ஆகாதுன்னா தோல் செல்லு செத்து குப்பை கூடுது.

தாள்ல போடற உதாரணம் ஒரு 26 வயசுப் பொண்ணு: கன்னத்துல தடிப்பு, விரல் மூட்டு வீக்கம், ஏ.என்.ஏ 1:640, டி.என்.ஏ ஆன்டிபாடி அதிகம், சி3 சி4 குறைவு, யூரின்ல புரோட்டீன் மூணு பிளஸ். சி3 ஏன் குறைவுன்னா செய்யாம இல்ல, கிட்னியில செலவாகுது. இவளுக்கு கிட்னி பயாப்சி வரைக்கும் போகணும். பிரபுவுக்கும் இவளுக்கும் ஏ.என்.ஏ பாசிட்டிவ்ங்கிற வார்த்தை மட்டும்தான் ஒண்ணு.

பிரபு:
நன்றி மேடம். அப்ப மாசாமாசம் ஏ.என்.ஏ பார்த்தா நோய் கொறையறது தெரியும்ல?

கயல்விழி:
அதான் இல்ல. ஒரு தடவை பாசிட்டிவ் வந்தா போதும், நோய் அடங்கினாலும் அது அப்படியே இருக்கலாம். போக்கைப் பார்க்க டி.என்.ஏ ஆன்டிபாடி, சி3 சி4, யூரின். நெகட்டிவா வந்தாத்தான் ஏ.என்.ஏ ரொம்ப பிரயோஜனம், லூபஸ் பெரும்பாலும் இல்லைன்னு சொல்லிடலாம்.

சிவகுமாரன்:
உட்கரு எண்டு தமிழ்நாட்டுப் புத்தகத்தில இருக்குதானே? அதைப் போடுங்கோ, பயமும் இல்லை. ஆனா தொகுதியை நான் விடேல்லை.

கயல்விழி:
வியாழன் வந்துடுச்சு. தலைப்பு "பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ்". உள்ள எல்லா இடத்துலயும் ஏ.என்.ஏ, ஏன்னா லேப் சீட்டுல அதான் இருக்கு, முதல் தடவை மட்டும் "உட்கரு எதிர்ப்பொருள்". நாலு பேர் சரின்னு தனியா எழுதியிருந்தாங்க, அனுப்பிட்டேன்.

தணிகாசலம்:
அனுப்பினது அனுப்பினதுதான். ஆனா எதிர்ப்பொருள்னா எங்க பசங்க எதிர்ச்சொல்லுன்னு நெனப்பாங்க, உட்கருவுக்கு எதிர்ப்பொருள் புறக்கருன்னு பரீட்சையில எழுதுவாங்க. அடுத்த பதிப்புக்கு உட்கருப்பகைன்னு வச்சுக்கோங்க. நான்காம் வேற்றுமை பத்தி நீளமா எழுதறேன், நாளைக்கு.