கழுத்து வலிக்கு நிற்கும் மேசையா, நல்ல நாற்காலியா?

நிரலரசி: எட்டு மாதமாக வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறேன். மாலை மூன்று மணியானால் கழுத்தின் வலப்பக்கம் பிடித்துக்கொள்கிறது. தோள்பட்டை வரை இழுக்கிறது. சனி, ஞாயிறு வலி இல்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, உட்கார மர நாற்காலி. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை, நல்ல நாற்காலி இரண்டில் எதை வாங்கலாம்?

காலைநடை: மேசையே வாங்குங்கள். உட்கார்ந்தே இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். நின்று வேலை செய்யத் தொடங்கிய பிறகு என் இடுப்பு வலி போய்விட்டது.

அளவுகோல்: இடுப்புக்கு அது உதவியிருக்கலாம். கழுத்துக் கணக்கு வேறு. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு எட்டும்படி வைத்தால் திரை தாழ்ந்துவிடும். நின்றாலும் குனிந்துதான் பார்க்க வேண்டும். பணம் செலவழிக்கும் முன் அளந்து சொல்லுங்கள்: தோளைத் தளர்த்தி உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம்? மேசை எவ்வளவு? சுட்டி எங்கே இருக்கிறது? விரல் மரத்துப்போகிறதா, கை வலுவிழக்கிறதா? அப்படியானால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நிரலரசி: மரத்துப்போவதில்லை. முழங்கை 64 செ.மீ., மேசை 76. எண் பகுதியும் உள்ள அகலமான மடிக்கணினி. சுட்டி அதற்கு வலப்புறம், நன்றாகத் தள்ளி இருக்கிறது.

அளவுகோல்: 12 செ.மீ. வித்தியாசம். நாள் முழுவதும் தோளைத் தூக்கியே தட்டச்சு செய்கிறீர்கள். வலக்கை சுட்டிக்காக வெளியே நீள்வதால் வலி அந்தப் பக்கம் வருகிறது என்று நினைக்கிறேன். நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு 10 செ.மீ. உயருங்கள், கால் தொங்காமல் இருக்க அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள். மடிக்கணினியைப் புத்தகங்களின்மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எண் பகுதி இல்லாத தனி விசைப்பலகை ஒன்று வாங்கி, சுட்டியை அதை ஒட்டி வையுங்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைத் தொடுங்கள்.

வெள்ளெழுத்து: கண்மட்டம் எல்லாருக்கும் பொருந்தாது. என் கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது. திரையை உயர்த்தியதும் மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், பின்கழுத்து வலித்தது. திரையை ஒரு சாண் இறக்கிய பிறகுதான் நிம்மதி.

அளவுகோல்: நல்ல திருத்தம். அத்தகைய கண்ணாடி போடுபவர்கள் தாழ்வாகத்தான் வைக்க வேண்டும்.

நிரலரசி: எனக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி மட்டுமே. மூன்று வாரம் ஆயிற்று. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் 1,800 ரூபாய் செலவு. மாலை வலி பெரும்பாலும் இல்லை. அழைப்புகள் நிறைந்த நாட்களில் மட்டும் வருகிறது. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்வதாலா?

காலைநடை: அதேதான். காதணிபேசி போட்டுக்கொள்ளுங்கள். மெத்தை மட்டும் எத்தனை நாள் தாங்கும்? உயரம் மாற்றும் நாற்காலி வாங்கலாமே.

அளவுகோல்: அதில் உடன்படுகிறேன். ஆனால் கைப்பிடி இறங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். உயர்ந்த கைப்பிடி மறுபடியும் தோளைத் தூக்கிவிடும்.

நிரலரசி: சனிக்கிழமை அளவு நாடாவுடன் கடைக்குப் போகிறேன்.