பண்டிலிங், டிகாய்: ரெண்டுக்கும் தமிழ்ல என்ன போடலாம்?

வள்ளி, காரைக்குடி:
எல்லாருக்கும் வணக்கம். தமிழ் மீடியம் பி.காம் பிள்ளைகளுக்கு விலை நிர்ணயம் பாடத்துக்கு நோட்ஸ் எழுதிக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போகணும். ரெண்டு சொல் இடிக்குது. ஒண்ணு பண்டிலிங், தனித்தனியா விக்கிற சரக்கைச் சேத்து ஒரே விலை போடறது. இன்னொண்ணு டிகாய், இதை யாரும் வாங்கமாட்டாங்கன்னு தெரிஞ்சே பக்கத்துல இருக்கிறதை விக்கிறதுக்காக விலைப்பலகையில வைக்கிறது. பழைய நோட்ஸ்ல 'தொகுப்பு விலையிடல்', 'ஏமாற்று விருப்பத்தேர்வு'ன்னு இருக்கு. ரெண்டாவது எனக்குச் சரியாப் படல, விலையெல்லாம் வெளிப்படையாத்தான் எழுதியிருக்கு, இதுல ஏமாற்று எங்க வந்துச்சு? யோசனை சொல்லுங்க.

சொக்கலிங்கம், கோட்டையூர்:
பண்டிலிங்குக்கு 'செட்டு விலை'ன்னு போடும்மா. செட்டும் கட்டுமா குடும்பம் நடத்தணும்னு நம்ம ஆச்சிமார் சொல்லுவாகளே, அந்தச் செட்டு. வணிகம், சிக்கனம் ரெண்டும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. செட்டிங்கிறது வடமொழி சிரேஷ்டியிலிருந்து வந்துச்சுன்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போகல, செட்டு முதல்ல, அதுலேர்ந்து செட்டி, அப்பறம்தான் மத்ததெல்லாம், இதைப் பத்தி விரிவா எழுதறேன்.

கண்ணன், தேவகோட்டை:
அண்ணே விரிவா அப்பறம் எழுதுங்க, புள்ளைக செட்டுன்னு படிச்சா செட் தோசை செட்டுன்னுதான் நினைக்கும். பேசாம காம்போன்னே போட்டுடலாம், எங்க பலகாரக் கடையில அதான் எழுதியிருக்கோம், எல்லாருக்கும் புரியுது. ரெண்டைச் சேத்துக் கொஞ்சம் குறைச்சுக் குடுத்தா சரக்கு அதிகமா ஓடும், எப்பவும் லாபம்தான், இதுக்குப் போயி இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு?

முத்து, கல்லல்:
லாபம் கடைக்காரனுக்கு. யூரியா கேட்டா கூடவே இந்த டப்பாவையும் வாங்குனாத்தான் தருவேங்கிறான், எனக்குத் தேவையே இல்லாத மருந்து. இதுக்கு 'திணிப்பு விலை'ன்னு பேரு வைங்க.

மெய்யம்மை, கானாடுகாத்தான்:
முத்துத் தம்பி சொல்றது வேற விஷயம். ஒண்ணைத் தனியாத் தரமாட்டேன்னு மறிச்சு இன்னொண்ணைத் தலையில கட்டறதுக்கு வேற சொல்லு வேணும், அதை இதோட சேக்கக்கூடாது. வள்ளி கேக்கறது விலையைச் சேக்கறது.

கண்ணா, 'எப்பவும் லாபம்'ங்கிறதுதான் பிள்ளைகளைக் கெடுக்கும். உன் கடையையே எடுத்துக்க. மனகோலம் ஒரு பெட்டி, அதிரசம் ஒரு பெட்டி, எதைச் செஞ்சாலும் அடக்கம் 60 ரூவான்னு வச்சுக்குவோம். முதல் ஆளு மனகோலத்துக்கு 200 வரை குடுப்பாரு, அதிரசத்துக்கு 120. ரெண்டாவது ஆளு அப்படியே தலைகீழ். தனித்தனியா 200னு போட்டா ஆளுக்கு ஒரு பெட்டி போகும், லாபம் 280. விலையை 120க்கு இறக்குனா நாலு பெட்டியும் போகும், ஆனா லாபம் 240தான். ரெண்டையும் சேத்து 320னு போடு, ரெண்டு பேருமே வாங்குவாங்க, லாபம் 400. ஆளுக்கு ஆளு ஆசை எதிரெதிரா இருக்கறதால கூட்டுத்தொகை சமமா வந்துருது, அதான் சூட்சுமம்.

இப்ப ஆசை ஒரே பக்கம் சாஞ்சிருந்தா? ஒருத்தர் எதுக்கும் 200 குடுப்பாரு, இன்னொருத்தர் எதுக்கும் 120தான். சேத்து 400னு போட்டா ஒருத்தர்தான் வாங்குவாரு, லாபம் 280. 240னு போட்டா ரெண்டு பேரும் வாங்குவாங்க, லாபம் 240. தனியா வித்தாலும் இதேதான். சேத்ததுல ஒரு காசு மிச்சமில்ல.

இன்னொரு இடத்துலயும் இடிக்கும். முதல் ஆளுக்கு மனகோலம்னா 300, அதிரசம் 20தான் பெறும், சக்கரை நோய்னு வச்சுக்க. ரெண்டாவது ஆளு இங்கயும் தலைகீழ். சேத்து 320னு வித்தா லாபம் 400. தனியா 300னு வித்தா 480! ஏன்னா 60 ரூவா அடக்கத்துல செஞ்ச அதிரசத்தை 20 ரூவாதான் பெறும்னு நினைக்கிற ஆளுகிட்ட தள்ளிவிடறோம், 40 ரூவா அங்கயே கரைஞ்சு போகுது. சாப்ட்வேர்ல, டிவி சேனல்ல இந்தத் தொல்லை இல்ல, இன்னொரு ஆளுக்குக் குடுக்கக் கூடுதல் செலவு ஏறக்குறைய கிடையாது, அதான் அவங்க அத்தனையும் மொத்தமாக் கட்டித் தர்றாங்க.

கண்ணன்:
ஆச்சி, இது எனக்கு உறைச்சிருச்சு. ஆனா கடைக்கு வர்றவங்கள்ல மூணாவது ரகமும் உண்டு, ரெண்டும் பரவாயில்ல, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கறேம்பாங்க. அவங்களை விட்டுடறதா?

மெய்யம்மை:
விடாதே. அந்த மூணாவது ஆளுக்கு ஒவ்வொண்ணும் 170 பெறும்னா, தனிவிலை 300, சேத்து விலை 340னு ரெண்டையும் பலகையில எழுது. 300, 20னு சொன்ன அந்த ரெண்டு பேரும் தனியா வாங்குவாங்க, மூணாவது ஆளு சேத்து வாங்குவாரு. லாபம் 240, 240, 220, ஆக 700. சேத்து மட்டும் 320க்கு வித்தா மூணு பேர்கிட்டயும் 600தான். 1976ல ஆடம்ஸ், யெல்லன் ரெண்டு பேரும் எழுதின கட்டுரையோட சாரம் இதான். பெட்டியைத் தனியா விக்கறதை நிப்பாட்டினாத்தான் காம்போ ஓடும்னு சிலர் நினைக்கறாங்க, அங்கதான் காசு போகுது. ஒண்ணு மட்டும் கவனி, காம்போ வாங்கறவங்க முன்னாடியே ரெண்டையும் வாங்கிட்டிருந்தவங்கதானான்னு பில்லைப் பாரு. அப்படின்னா நீ சும்மா தள்ளுபடி குடுத்துக்கிட்டு இருக்கே.

சொல்லுக்கு 'கட்டு விலை' போதும். கீரைக்கட்டு, வெத்தலைக்கட்டுன்னு எல்லாருக்கும் பழக்கம்.

சொக்கலிங்கம்:
கட்டு விலைன்னா அரசாங்கம் வைக்கிற கட்டுப்பாட்டு விலையோட குழம்பும், 'விலை கட்டலை'ன்னா கட்டுப்படியாகலைன்னு அர்த்தம், அதுவேற இருக்கு. செட்டு வேண்டாம்னா 'தொகைவிலை'ன்னு வைங்க. இலக்கணத்துல தொகைன்னாலே சேந்து நிக்கறதுதான். மனகோலமும் அதிரசமும் உம்மைத்தொகை, உள்ள இருக்கற 'உம்' மறைஞ்ச மாதிரி தனிவிலை மறைஞ்சு நிக்குது பாருங்க.

வள்ளி:
ஐயா, தொகைன்னா பிள்ளைகளுக்குப் பணம்தான். 'தொகைவிலை'யை மொத்த விலைன்னு படிச்சுட்டுப் பரீட்சையில அப்படியே எழுதிட்டு வரும். டிகாய்க்கு யாருமே சொல்லலையே?

சொக்கலிங்கம்:
அதுக்குச் சங்கத்துலயே சொல் இருக்கு. புறநானூறு 320ஐப் பாருங்க, 'பார்வை மடப்பிணை'. வேட்டுவன் மானைப் பிடிக்கறதுக்குன்னே பழக்கி வச்சிருக்கற பெண்மான், அதுக்குப் 'பார்வை'ன்னு பேரு. 'பார்வைச் சரக்கு'ன்னு வைங்க, ரெண்டாயிரம் வருசத்துச் சொல்லு உயிரோட திரும்பி வரும்.

மெய்யம்மை:
சொல் அழகுதான் அண்ணே, ஆனா வேலை வேற. பார்வை மான் கலைமானைத் தன் பக்கம் இழுக்குது. டிகாய் யாரையும் தன் பக்கம் இழுக்காது, பக்கத்துல இருக்கறதுகிட்ட அனுப்பி வைக்கும். பலகையில மனகோலம் 200, அதிரசம் 320, ரெண்டும் சேத்து 320னு எழுதிப் பாருங்க. அதிரசத்தை 320க்கு எவரும் தனியா வாங்கமாட்டாங்க. ஆனா அந்த ஒரு வரி இருக்கறதாலதான் 320 காம்போ மலிவாத் தெரியுது, 200க்கு வாங்க வந்தவரு ஏறி வர்றாரு. 1982ல ஹியூபர், பெய்ன், பூட்டோ காட்டினது இந்த வகைதான், எந்த விதத்துலயும் பக்கத்துச் சரக்கை மிஞ்சாத சரக்கு ஒண்ணை வச்சா அந்தப் பக்கத்துச் சரக்குக்கு மவுசு கூடும்னு.

இதை மந்திரம்னு எழுதிடாதே வள்ளி. 2014ல ஃப்ரெடரிக், லீ, பாஸ்கின் திரும்பச் செஞ்சு பாத்தாங்க. எண்ணா எழுதிக் காட்டினா வேலை செய்யுது, படமாவோ நேர்லயோ காட்டினா பெரும்பாலும் காணாமப் போயிடுது. கண்ணன் மாதிரி ஒரு விள்ளல் குடுத்து ருசி பாக்கச் சொல்ற கடையில அதிகம் எதிர்பாக்கக்கூடாது.

சொல்லு 'ஒப்புச் சரக்கு'ன்னு வைக்கலாம். ஒப்புக்கு நிக்குதுன்னும் வரும், ஒப்பிட்டுப் பாக்க நிக்குதுன்னும் வரும்.

கண்ணன்:
ஒப்புச் சரக்கு சூப்பர் ஆச்சி. கட்டு விலைக்கும் என் ஓட்டு, ஆனா பலகையில காம்போதான் இருக்கும்.

முத்து:
என் யூரியாவுக்கு?

வள்ளி:
நேரம் ஆயிருச்சு, இப்போதைக்குக் கட்டு விலை, ஒப்புச் சரக்குன்னு போட்டு அனுப்பறேன். முத்தண்ணன் சொன்னதுக்குத் தனிச்சொல் அடுத்த பருவத்துப் பாடத்துக்குள்ள வேணும், 'திணிப்பு'ங்கிறது குற்றச்சாட்டு மாதிரி இருக்கு, வேற யோசிங்க.

சொக்கலிங்கம்:
ஒப்புச் சரக்கை நான் ஏத்துக்கல. ஒப்புன்னா சம்மதம்னும் இருக்கு, ஒப்பந்தச் சரக்குன்னு படிக்கப் போகுதுக. அடிக்குறிப்புலயாவது 'பார்வை'யைப் போடும்மா. செட்டு பத்தி எழுத ஆரம்பிச்சுட்டேன், நாளைக்கு அனுப்பறேன்.