மல்லிகைப் பூ ரேட்டும் செந்திலின் வண்டியும்

*குடும்பக் குழு, தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை*

செந்தில் 6:41
திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லி கிலோ 1,800. மதுரை மாட்டுத்தாவணியில் 2,150. கிலோவுக்கு 350 ரூபாய் சும்மா கிடக்கிறது! நாளைக்கு 40 கிலோ எடுத்து ஒரு லோடு வண்டியில் போட்டு மதுரையில் இறக்கினால் 14,000 ரூபாய். பெரியப்பா, என்ன சொல்கிறீர்கள்?

வசந்தி அத்தை 6:44
செந்தில், வருகிறபோது வெள்ளிக்கிழமை பூஜைக்கு எனக்கு அரைக் கிலோ தனியாக எடுத்து வை.

முத்து மாமா 6:50
அதெல்லாம் நடக்காது மாப்பிள்ளை. இரண்டு ஊர் பூ வியாபாரிகள் சங்கமும் போனில் பேசி ரேட்டை ஒன்றாக்கிவிடுவார்கள். நாளைக்கு இரண்டு இடத்திலும் ஒரே ரேட்தான் இருக்கும்.

பெரியப்பா 7:02
முத்து, பேசுவார்கள் என்பது சரி. நான் கமிஷன் கடையில் கணக்கு எழுதிய காலத்திலேயே காலை 5 மணிக்கு மதுரைக்கு டிரங்க் கால் போடுவோம். ஆனால் ரேட்டைக் கேட்பதற்குத்தான் பேசுவார்கள், ஒன்றாக்குவதற்கு அல்ல. சங்கம் போர்டில் என்ன எழுதினாலும் பூ குவிந்து கிடந்தால் அந்த விலைக்கு எவன் வாங்குவான்?

செந்தில், நீ சொன்ன கணக்கில் பாதிதான் இருக்கிறது. மீதியைப் போடு.

செந்தில் 7:04
வண்டி வாடகை 2,500 கேட்கிறார்கள். அதைக் கழித்தாலும் 11,500 நிற்கிறதே.

பெரியப்பா 7:13
40 கிலோ 1,800 மேனிக்கு 72,000 ரூபாய் முதல். மதுரைக்குப் போய் இறக்கும்போது 40 கிலோ இருக்காது. வாடல், கசிந்த ஈரம், அடிச்சாக்கில் நசுங்கியது என்று ஒரு கிலோவாவது போகும். 39 கிலோ 2,150 மேனிக்கு 83,850. மதுரைக் கமிஷன் கடைக்காரர் நூற்றுக்கு 10 எடுப்பார், 8,385. மிச்சம் 75,465. வண்டிக்கு 2,500 கொடுத்துவிட்டால் 72,965. உனக்கு நிற்பது 965 ரூபாய். ஏற்றுக்கூலியும் உன் டீச்செலவும் இதில் சேரவில்லை.

கவிதா 7:15
😂😂 14,000 எங்கே, 965 எங்கே!

பெரியப்பா 7:19
இன்னும் கேள். நீ போய்ச் சேரும்போது 2,150 இருக்குமா? முகூர்த்தப் பூக்காரர்கள் அதிகாலையிலேயே வாங்கிப் போய்விடுவார்கள். 2,100க்கு இறங்கியிருந்தால் அதே கணக்கில் 790 ரூபாய் கைக்கடிதான். இது காலையில் மொட்டாகப் பறிக்கிற பூ, சாயங்காலம் விரிந்துவிடும். விலை வரட்டும் என்று வைத்திருக்க முடியாது.

செந்தில் 7:22
சரி பெரியப்பா, அப்படியென்றால் 350 வித்தியாசம் அப்படியே நிற்குமா? யாருக்கும் லாபமில்லை என்றால் அதை யார் சமப்படுத்துவது? காலேஜில் 'ஆர்பிட்ரேஜ்' என்று நடத்தினார்கள். இங்கே வாங்கி அங்கே விற்கிறவனால்தான் விலை சமமாகும் என்றார்கள்.

பெரியப்பா 7:36
நல்ல கேள்வி. பெயர் எனக்குத் தெரியாது, வேலை தெரியும். உன்னை மாதிரி வண்டி எடுத்துப் போகிறவன் கொஞ்சம் பேர்தான். வித்தியாசம் 500, 600 என்று விரியும்போது வருவான், 300க்கு வரமாட்டான். செலவு அவனைத் தடுத்துவிடும்.

ஆனால் நடுவில் இருக்கிற விவசாயியை நினைத்துப் பார். கொடைரோடு, நிலக்கோட்டைப் பக்கம் தோட்டம். அவர் எப்படியும் ஒரு மார்க்கெட்டுக்கு மூட்டையை அனுப்பத்தான் போகிறார். கமிஷன் இரண்டு இடத்திலும் உண்டு, வண்டிக்கூலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கு 50 ரூபாய் கூடக் கிடைத்தாலே போதும், நாளைக்கு மூட்டை மதுரை வண்டியில் ஏறும். அவர் திண்டுக்கல்லுக்கு அனுப்பாததால் இங்கே பூ குறைந்து விலை ஏறும், அங்கே பூ கூடி இறங்கும். எங்கள் கடைக்கு ஒரு தோட்டக்காரர் 3 நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் மதுரையில் ரேட் கூட என்று நாங்களே கண்டுகொள்வோம், போன்கூடத் தேவையில்லை.

செந்தில் 7:39
ஆக, வாங்கி விற்கிறவன் இல்லாமலேயே விலை நெருங்கிவிடுமா?

பெரியப்பா 7:43
நெருங்கும், ஒன்றாகாது. அப்புறம் முன்பணம் வாங்கிய விவசாயி நகர முடியாது. கமிஷன் கடைக்காரரிடம் கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கியிருப்பார். மதுரையில் 200 ரூபாய் கூட இருந்தாலும் பூ அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிற பக்கம் வித்தியாசம் நாள்கணக்கில் நிற்கும்.

வசந்தி அத்தை 7:47
அண்ணே, அப்படியானால் எங்கள் தெருவில் ஏன் இப்படி? கோயில் வாசலில் முழம் 60, பின்தெருவில் அதே பூ 40. பத்து வருஷமாக அப்படியேதான் இருக்கிறது, சமமாகவே இல்லை.

கவிதா 7:49
அத்தை, 20 ரூபாய்க்காக யார் பின்தெருவுக்குப் போய் வாங்கி வாசலில் வந்து விற்பார்கள்? வாசலில் கடை போட இடம் வேண்டும், அதற்கு வாடகை வேண்டும்.

முத்து மாமா 7:50
வசந்தி போவாள். ஆனால் விற்க மாட்டாள், தலையில் வைத்துக்கொள்வாள்.

கவிதா 7:53
தங்கம் மட்டும் கோயம்புத்தூர், மதுரை, சென்னை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே ரேட். அது எப்படி அப்பா?

பெரியப்பா 7:58
தங்கம் வாடுமா? ஒரு கைப்பையில் லட்சக்கணக்கில் அடங்கும், கொண்டுபோகிற செலவு விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. பூவுக்கு அந்தச் செலவு பெரியது, அதனால் இடைவெளியும் பெரியது. நகைக்கடைகள் ரேட் அறிவிப்பதில் முத்து சொன்ன சங்கக் கதை கொஞ்சம் பொருந்தலாம். எனக்குப் பூதான் தெரியும்.

முத்து மாமா 7:59
பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதான்.

பெரியப்பா 8:06
செந்தில், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த இரண்டு ரேட்டும் உனக்கு எங்கே கிடைத்தது? எந்த நேரத்து ரேட்?

செந்தில் 8:09
திண்டுக்கல் ரேட் நண்பன் மார்க்கெட்டிலிருந்து அனுப்பினான், ஆறரைக்கு. மதுரை ரேட் ஒரு குழுவில் வந்தது... அது அஞ்சரை மணிக்குப் போட்டது போலிருக்கிறது.

பெரியப்பா 8:14
அதுதானே. ஒன்று முதல் தர மொட்டின் விலை, இன்னொன்று கலந்த பூவின் விலையாகவும் இருக்கலாம். ஒரே நேரத்தில், ஒரே தரப் பூவுக்குக் கேட்டுப் பார். வித்தியாசம் இருப்பதாக நினைக்கிற நாளில் பாதி நாள் பூதான் வேறாக இருக்கும்.

செந்தில் 8:41
இப்போது கேட்டேன். இரண்டுமே முதல் தரம், இரண்டுமே எட்டரை மணி. திண்டுக்கல் 1,900, மதுரை 2,050. விவசாயிகள் மாற்றிவிட்டார்களா பெரியப்பா?

பெரியப்பா 8:48
ஒரு காலைக்குள் மாற்ற முடியாது, பறித்த பூ ஏற்கெனவே போய்விட்டது. இது முகூர்த்தக்காரர்கள் வாங்கி முடித்ததால் இருக்கலாம், கேரளா லாரி இங்கே அதிகமாக எடுத்ததாலும் இருக்கலாம். சனிக்கிழமை ரேட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

செந்தில் 8:50
வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வசந்தி அத்தை 8:52
அப்படியானால் என் அரைக் கிலோ?