‘ஹெஸ்தெர் பானிம்’: மறைவா, மறைப்பா?

பாடம் எழுதும் ஆசிரியை:
வணக்கம். நாஜிகளின் யூத இனப்படுகொலைக்குப் பின் யூதர்கள் கடவுளைப் பற்றி என்ன சிந்தித்தார்கள் என்று இளங்கலை மூன்றாம் ஆண்டுக்கு ஒரு பாடம் எழுதுகிறேன். யூத இறையியலாளர் எலியேசர் பெர்க்கோவிட்ஸ் 1973இல் வெளியிட்ட நூலுக்கு அச்சாணி ‘ஹெஸ்தெர் பானிம்’ என்ற எபிரேயத் தொடர். கடவுள் தம் முகத்தை மறைத்துக்கொள்வது என்று பொருள். ‘கடவுளின் மறைவு’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாணவி எழுந்து, “கடவுள் எப்போது இறந்தார், மேடம்?” என்றாள். இந்தத் தொடருக்குத் தமிழில் வேறு என்ன சொல் வைக்கலாம்?

அகராதிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்:
அம்மா, அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள். நாளிதழில் ‘மறைவு’ என்றால் இரங்கல் செய்தி. உங்கள் பாடத்தில் ரிச்சர்ட் ரூபன்ஸ்டைனும் வருவாரே. ஆஷ்விட்ஸுக்குப் பிறகு வரலாற்றை நடத்தும் கடவுளை நம்ப இயலாது என்று 1966இல் எழுதியவர். பெர்க்கோவிட்ஸ் ஏற்காத அந்த நிலைப்பாடு இந்தச் சொல்லால் அவர் தலையிலேயே ஏறிவிடும். எபிரேயச் சொல்லும் பிறவினை. தானாக மறைவதன்று, ஒருவர் மறைப்பது. ‘முகமறைப்பு’ என்று வையுங்கள்.

சைவ சித்தாந்தம் படித்தவர்:
புதுச்சொல் எதற்கு? ஐந்தொழிலில் ‘மறைத்தல்’ ஆயத்தமாக இருக்கிறது. மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

ஆசிரியை:
விளங்கும் ஐயா, தவறாக விளங்கும். நம் மறைத்தல், உயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவப்படுவதற்கு. அதை இங்கே வைத்தால், கொல்லப்பட்ட குழந்தை எந்த வினையை நுகர்ந்தது என்ற கேள்விக்கு நாமே விடை எழுதிக் கொடுத்தது போலாகும்.

விவிலிய வகுப்பு எடுப்பவர்:
உபாகமம் 31இல் முகத்தை மறைப்பது தண்டனைதானே? மக்கள் வேறு தெய்வங்களிடம் போனதற்கு. தண்டனைப் பொருளும் சொல்லில் வர வேண்டும்.

அகராதிக்காரர்:
உபாகமத்துக்கு அது சரி. பெர்க்கோவிட்ஸ் அங்கே நிற்கவில்லை, 44ஆம் சங்கீதத்துக்குப் போகிறார். அங்கே மக்கள் உம்மை மறக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறார்கள். குற்றமே இல்லாத இடத்திலும் மறைப்பு உண்டு. அவர் விளக்கம் இது: கடவுள் ஒவ்வொரு கொடுமையையும் கைநீட்டித் தடுத்தால் மனிதன் நன்மையைத் தானே தேர்ந்துகொள்ள இடமிருக்காது. அந்த இடத்தை விடவே முகத்தை மறைக்கிறார். கொலைகாரனுக்கும் அதே இடம் கிடைத்துவிடுகிறது. இந்த விலை தகுமா என்று வகுப்பு வாதிடட்டும்; சொல்லே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

புதிதாகச் சேர்ந்தவர்:
‘கிரகணம்’ என்று எங்கோ படித்தேன். அதுவே அழகாக இருக்கிறதே?

அகராதிக்காரர்:
அது யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபரின் உவமை. கிரகணத்தில் சூரியன் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. கண்ணுக்கும் அதற்கும் நடுவே ஏதோ வந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டாதீர்கள்.

சைவ சித்தாந்தம் படித்தவர்:
வினைப்பொருள் ஏறும் என்பது சரி. ஆனால் ‘முகமறைப்பு’ முக்காடு போலல்லவா ஒலிக்கிறது? ‘திருமுக மறைப்பு’ என்றாவது வையுங்கள்.

ஆசிரியை:
‘திரு’வைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். இதற்குள் வேறொன்று உறுத்துகிறது. பாடத்தின் தலைப்பில் ‘ஹோலோகாஸ்ட்’ என்று போட்டிருக்கிறேன். அதன் கிரேக்க மூலம் முழுமையாக எரிக்கப்படும் பலியைக் குறிக்கும். பலி என்றால் கொடுத்தவர் யார், பெற்றவர் யார்? பேரழிவு என்ற பொருளில் ‘ஷோஆ’ என்று சொல்வதையே யூதர் பலர் விரும்புகிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று தனி இழையில் கேட்கிறேன்.