கேள்வித்தாளை டாக்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள் (என் 92 சதவீதம் 60 ஆன கதை உள்ளே)

வைகைக்கரை பி.ஜி.

கம்யூனிட்டி மெடிசின், இரண்டாம் வருடம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் தமிழ் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள் மனச்சோர்வை எந்த அளவுக்குப் பிடிக்கிறது என்பதுதான் தீசிஸ். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. 10 வந்தால் சந்தேகம். நிஜமாகவே இருக்கிறதா என்று மனநல மருத்துவர் தனியாக உட்கார்ந்து மினி என்ற நோயறியும் நேர்காணல் செய்து சொல்வார், அவர் சொல்வதே முடிவு.

300 பேரிடம் கேட்டோம். 60 பேருக்கு 10 அல்லது அதற்கு மேல். அந்த 60 பேரையும் டாக்டர் பார்த்ததில் 36 பேருக்கு மனச்சோர்வு உறுதியானது. மீதி 240 பேர் மாத்திரையை வாங்கிய கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள், கெஞ்சி உட்கார வைக்க முடிந்தது 30 பேரைத்தான். அந்த 30-இல் 3 பேருக்கு இருந்தது.

சரி என்று டாக்டர் பார்த்த 90 பேரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். நோய் உள்ளவர்கள் 39, கேள்வித்தாள் பிடித்தது 36, சென்சிட்டிவிட்டி 92 சதவீதம். ஸ்பெசிபிசிட்டி 53-தான் வந்தது, நோய் இல்லாத 51 பேரில் 27 பேரைத்தான் சரியாக விட்டிருந்தது. அது உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் 92-ஐப் பார்த்த சந்தோஷத்தில் ராத்திரியே கைடுக்கு அனுப்பிவிட்டேன். காலையில் போன். "மீதி 210 பேரு எங்கய்யா?"

அவ்வளவுதான் கேட்டார். உட்கார்ந்து யோசித்த பிறகுதான் உறைத்தது. 30-இல் 3 என்றால் பத்துக்கு ஒருவர், அதே விகிதம் 240 பேருக்கும் என்றால் 24 பேர் கைநழுவிப் போயிருக்கிறார்கள். அப்போது மொத்த நோயாளிகள் 60, பிடித்தது 36. சென்சிட்டிவிட்டி 60 சதவீதம். ஸ்பெசிபிசிட்டி 90-க்கு ஏறுகிறது, நோய் இல்லாத 240 பேரில் 216. வலையில் விழுந்த மீனையே எண்ணிவிட்டு கண்மாயில் மீன் இவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறேன். இந்த மாதிரி மாட்டியவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

புள்ளிக்காரன்

ப்ரோ, இதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்? பி.எச்.க்யூ-9-க்கு 2001-லேயே 10 கட்-ஆஃபில் சென்சிட்டிவிட்டி 88, ஸ்பெசிபிசிட்டி 88 என்று போட்டுவிட்டார்கள். இந்த இரண்டும் ஊரில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறாது, பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாக நோய் என்பதுதான் மாறும். ஆகவே 88-ஐயே எழுதலாம். எங்கள் காலேஜில் அப்படித்தான் எழுதினோம், யாரும் கேட்கவில்லை.

நடுச்செவிலி

நான் கிராம சுகாதார செவிலியர், இந்த மாதிரி சர்வேக்களுக்கு ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டவள். 88, 90 எல்லாம் எனக்குத் தெரியாது. அந்த மார்க் எப்படி விழுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். "கடந்த இரண்டு வாரங்களில் சில நாட்களா, பாதி நாட்களுக்கு மேலா, ஏறக்குறைய தினமுமா" என்று படித்தால் பாட்டிமார் "அப்பப்போ இருக்கும்மா" என்பார்கள். அது 1-ஆ, 2-ஆ? நான் ஒருத்தி 1 போடுவேன், இன்னொரு சிஸ்டர் 2 போடுவார். அப்புறம் நானே 14 புளியங்கொட்டையை எண்ணி மடியில் போட்டு, "இது பதினாலு நாளு, தூக்கம் வராத நாளுக்கு ஒண்ணு ஒண்ணா இந்தப் பக்கம் தள்ளு ஆத்தா" என்று கேட்க ஆரம்பித்தேன். ஒரு ஆத்தா 12 கொட்டையைத் தள்ளிவிட்டு, "ராத்திரிக்கு நாலு தடவ ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா எங்கிட்டுத் தூங்குறது?" என்று கேட்டது. சுகர் கூடிப்போய் வந்த தூக்கக்கேடு அது. ஆனால் தாளில் 3 மார்க்.

டவுன்ஹால் ரோடு கடைக்காரர்

எனக்கும் போன மாதம் ஒரு கேம்பில் இதே ஒன்பது கேள்வி கேட்டார்கள். 14 வந்தது. வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். அப்புறம் டாக்டரிடம் போனால் அரை மணி நேரம் பேசிவிட்டு, உங்களுக்கு டிப்ரஷன் இல்லை, தைராய்டு பாருங்கள் என்றார். பார்த்தால் தைராய்டுதான். ஆகவே இந்தப் பேப்பரே டுபாக்கூர், இதை வைத்து ஏன் தீசிஸ் எழுதுகிறீர்கள் தம்பி?

வைகைக்கரை பி.ஜி.

அண்ணே, பேப்பர் டுபாக்கூர் இல்லை, அதன் வேலை அவ்வளவுதான். என் கணக்கிலேயே 10-க்கு மேல் வந்த 60 பேரில் 24 பேருக்கு மனச்சோர்வு இல்லை. நீங்கள் அந்த 24-இல் ஒருவர் மாதிரி. டாக்டரிடம் அனுப்பியதோடு பேப்பரின் வேலை முடிந்தது. கேம்பில் "உங்களுக்கு டிப்ரஷன்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் அதுதான் தப்பு.

சிஸ்டர், புளியங்கொட்டை ஐடியாவை எடுத்துக்கொள்கிறேன். தூக்கம், சோர்வு, பசி மூன்றுமே சுகர்க்காரர்களிடம் தானாக மார்க் ஏற்றுகிறது என்று எனக்கும் சந்தேகம்.

ரிடையர்டு மனநலம்

முப்பது வருடம் இதே வேலை பார்த்தவன். புள்ளிக்காரன் தம்பி சொன்னதில் பாதி சரி. நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் கூடிக் குறைந்தால் சென்சிட்டிவிட்டி அசையாது, வாஸ்தவம். ஆனால் எப்படிப்பட்ட நோயாளிகள் என்பது மாறினால் அசையும். மனநலப் பிரிவு ஓ.பி.-யில் நன்றாக முற்றிய மனச்சோர்வோடு வருகிறவர்களிடம் எந்தக் கேள்வித்தாளும் ஜெயிக்கும். சுகர் மாத்திரைக்கு வந்து நிற்கிறவர்களிடம் இருப்பது லேசான, அரைகுறை மனச்சோர்வு. அவர்கள் 7, 8, 9-இல்தான் உட்கார்ந்திருப்பார்கள். நோய் இல்லாதவர்களோ, சிஸ்டர் சொன்ன ஆத்தா மாதிரி, உடம்பு நோயால் மேலே ஏறிவிடுவார்கள். இரண்டு பக்கமும் அடி.

இன்னொன்று. அந்த 2001 கட்டுரையில் 6,000 பேர் தாளை நிரப்பினார்கள், 580 பேரை 48 மணி நேரத்துக்குள் போனில் நேர்காணல் செய்தார்கள். அதில் பெரு மனச்சோர்வு இருந்தது 41 பேருக்கு. 88 என்ற எண் அந்த 41 பேரின் மேல் நிற்கிறது. ஒருவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனால் இரண்டரை சதவீதம் ஆடும்.

வைகைக்கரை தம்பி, உங்கள் 60-ஐயும் அதிகமாக நம்ப வேண்டாம். அது மூன்றே பேரை வைத்து ஊதிய எண். 30-இல் 3 என்பதன் நிஜ விகிதம் சுமார் 2 சதவீதத்திலிருந்து 27 வரை எங்கும் இருக்கலாம். 240-இல் 5 பேரும் நழுவியிருக்கலாம், 64 பேரும் நழுவியிருக்கலாம். அப்படியென்றால் சென்சிட்டிவிட்டி 88-ஆ, 36-ஆ என்றே தெரியாது. அதிலும் அந்த 30 பேர் குலுக்கிப் போட்டு எடுத்தவர்களா, தானாக உட்கார்ந்தவர்களா?

வைகைக்கரை பி.ஜி.

தானாக உட்கார்ந்தவர்கள் சார். வீட்டுக்குப் போக அவசரம் இல்லாதவர்கள், துணைக்கு ஆள் இல்லாதவர்கள். இப்போது யோசித்தால் அவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு தப்பும் ஒத்துக்கொள்கிறேன். மொத்த மார்க்கைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, கேஸ் ஷீட்டிலேயே கிளிப் அடித்து டாக்டரிடம் அனுப்பியிருந்தோம். 18 என்று பார்த்துவிட்டு நேர்காணலை ஆரம்பிக்கிறவர் மனது எப்படி நடுநிலையாக இருக்கும்?

விட்டுப்போன 210 பேரைத் திரும்பக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். கேள்வித்தாள் கேட்பது அந்த இரண்டு வாரத்தை. மூன்று மாதம் கழித்து டாக்டர் பார்த்தால் இரண்டும் வேறு வேறு காலம். ஆகவே முழுசாக இரண்டாம் சுற்று. இந்தத் தடவை 200 பேர், எல்லோருக்கும் அன்றைக்கே பக்கத்து அறையில் நேர்காணல், டாக்டருக்கு மார்க் தெரியாது. மாத்திரை கொடுக்கிற கவுண்டருக்கு முன்னாலேயே இரண்டையும் முடித்தோம், அதனால் யாரும் ஓடவில்லை (டீயும் வடையும் என் செலவு).

200-இல் 40 பேருக்கு மனச்சோர்வு. கட்-ஆஃப் 10 வைத்தால் 28 பேரைப் பிடிக்கிறது, நோய் இல்லாத 160 பேரில் 16 பேரை வீணாகக் கூப்பிடுகிறது. அதாவது 70, 90. கட்-ஆஃப் 8 வைத்தால் 34 பேர், வீணாக 36. அதாவது 85, 77.5. இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்கும் யூடன் கணக்கில் 10-க்கு 0.60, 8-க்கு 0.625. ஆகவே 8 ஜெயிக்கிறது, "இந்த மக்களுக்கு உகந்த கட்-ஆஃப் 8" என்று எழுதலாம் என்று இருக்கிறேன்.

ரிடையர்டு மனநலம்

அவசரப்படாதீர்கள். 0.025 வித்தியாசம் என்பது 40-இல் ஒரே ஒரு ஆள். 8-இல் பிடிபட்டது 34 இல்லை, 33 என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சமம். எட்டாவது மார்க்கில் நின்ற ஒரு ஆத்தா அன்றைக்கு ஒரு கொட்டையைக் குறைத்துத் தள்ளியிருந்தால் உங்கள் முடிவுரையே மாறியிருக்கும். தவிர, எந்தக் கட்-ஆஃப் நன்றாக இருக்கிறது என்று இதே 200 பேரில் தேடிப் பிடித்துவிட்டு, அதே 200 பேரின் 85-ஐ அதன் தகுதியாக எழுதினால் அது கொஞ்சம் உப்பிய எண். வேறு ஊரில் 8-ஐ வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இறங்கும். 5 முதல் 15 வரை எல்லாக் கட்-ஆஃபுக்கும் இரண்டு எண்ணையும் போட்டு, பக்கத்தில் எவ்வளவு ஆடும் என்பதையும் எழுதுங்கள்.

யூடன் கணக்கு ஒரு நோயாளியை விடுவதையும் ஒருவரை வீணாகக் கூப்பிடுவதையும் விகிதப்படி ஒரே தராசில் வைக்கிறது. ஊரில் அப்படியா? 10-இலிருந்து 8-க்கு இறங்கினால் கூடுதலாக 6 பேர் கிடைப்பார்கள், 20 பேர் வீணாக நேர்காணலுக்கு வருவார்கள். டாக்டருக்கு நேரம் இருந்தால் எடுக்கலாம்.

நடுச்செவிலி

அந்த 20 பேரையும் எங்கே சார் அனுப்புவது? உங்கள் தீசிஸ் முடிந்தால் அந்தப் பக்கத்து அறை டாக்டரும் போய்விடுவார். அப்புறம் 8 வந்த ஆத்தாவிடம் "மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்ல வேண்டியது நான். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். 10 என்றாலே பத்தில் மூன்று பேர் போனால் பெரிது.

ரிடையர்டு மனநலம்

சிஸ்டர் சொல்வது எந்தத் தீசிஸிலும் வராது. ஒன்று மட்டும், கட்-ஆஃப் எதுவாக இருந்தாலும் ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுவதாகச் சொல்கிறவருக்கு மொத்தம் 6 மார்க் வந்தாலும் அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும்.

புள்ளிக்காரன்

41 பேர் விஷயம் எனக்குத் தெரியாது சார். எங்கள் தீசிஸை எடுத்துப் பார்த்தேன். நாங்களும் பாசிட்டிவ் வந்தவர்களைத்தான் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறோம். நெகட்டிவில் ஒருவரைக்கூட அனுப்பவில்லை. அப்போது சென்சிட்டிவிட்டி 100 என்று எப்படி வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

வைகைக்கரை பி.ஜி.

கைடிடம் பேசினேன். டேபிளில் எல்லாக் கட்-ஆஃபும் போடலாம் என்கிறார், ஆனால் முடிவுரையில் ஒரே ஒரு எண் வேண்டுமாம், இல்லையென்றால் எக்ஸாமினர் கேட்பார் என்கிறார். 10-ஆ 8-ஆ என்று இன்னும் எழுதவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள், முதலில் முதல் சுற்று ஃபாரங்களை எடுத்து ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பார்க்கப் போகிறேன்.